முன்விடுதலையை மறுக்கும் ஒற்றை வாக்கியம்: உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஆயுள் சிறைவாசிகளின் முன்விடுதலை மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு பெண்மணி என் வீட்டுக்கு வந்து, நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார். உங்கள் துறை பிறப்பித்த ஆணை அது. அவருடைய தம்பி 19 ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார். முன்விடுதலை கேட்டு அவர் கொடுத்த மூன்றாவது மனுவும் தள்ளுபடியாகியிருக்கிறது. "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள் சார், ஏன் இல்லை என்கிறார்கள்?" என்று அக்கா கேட்டார். நான் இரண்டு முறை படித்தேன். சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆணையின் சாரமான வாக்கியம் இதுதான்: "குற்றத்தின் தன்மையைக் கருத்தில் கொண்டும், முன்விடுதலை அளிப்பதால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படக்கூடும் என்பதாலும், சிறைவாசியின் கோரிக்கையை ஏற்க இயலாது என அரசு முடிவு செய்து நிராகரிக்கிறது." 2021-ல் வந்த முதல் ஆணையிலும் இதே வாக்கியம். 2023-ல் வந்த இரண்டாவது ஆணையிலும் இதே வாக்கியம். முன்னால் மட்டும் "உயர் நீதிமன்ற உத்தரவின்படி மனு மறுபரிசீலனை செய்யப்பட்டது" என்று ஒரு வரி கூடியிருந்தது. மூன்று ஆணைகளையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். தேதியும் கடித எண்ணும்தான் மாறியிருக்கின்றன.

நான் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் மேசைக்கு வரும் முன்விடுதலைக் கோப்புகளில் ஒரு தாள் என் போன்றவர்கள் எழுதுவது. இந்த மனிதரின் முதல் மனுவுக்கு ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதியவன் நானே. ஆகவே இந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, அதில் எது படிக்கப்படவில்லை என்பதை வெளியே இருந்து ஊகித்து நான் சொல்லவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நிலத் தகராறு. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு வரப்பு. ஒரு மாலை வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்த அரிவாளால் எதிர்த்தரப்பு இளைஞரை வெட்டினார். அந்த இளைஞர் மறுநாள் இறந்தார். வெட்டியவருக்கு அப்போது வயது 27. பிணை கிடைக்கவில்லை, கைதான நாளிலிருந்து இன்றுவரை உள்ளேதான் இருக்கிறார். ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தோற்றது. செய்தது கொலை, அதற்குத் தண்டனை சரிதான். இதில் எனக்கோ அவருடைய அக்காவுக்கோ, சொல்லப்போனால் அவருக்கோ, மாற்றுக் கருத்து இல்லை.

மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டுகள் முழுதாக உள்ளே கழியாமல் விடுவிக்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 475-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 14 ஆண்டுகள் முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும் என்பதுதான் சட்டம். முன்விடுதலையை உரிமையாக எவரும் கேட்க முடியாது. ஆனால் தன் மனுவைச் சட்டப்படியும் மனசாட்சிப்படியும் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்த மடல் முழுவதும் அந்த இரண்டாவது உரிமையைப் பற்றியது.

உங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது: கருணை காட்டுவது அரசின் விருப்பம், அதில் நீதிமன்றம் தலையிடாது, காரணம் எழுதினால்தான் வழக்கில் மாட்டிக்கொள்வோம், எழுதாமல் விட்டால் பாதுகாப்பு. இதை ஒரு பிரிவு அலுவலரே என்னிடம் நேரில் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. தமக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் ஆதாரம் இருந்தது. 1988-ல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, குடியரசுத் தலைவர் கருணை மனுவில் எடுக்கும் முடிவின் சரி தவறை நாங்கள் எடைபோட மாட்டோம், காரணம் கேட்கவும் மாட்டோம் என்றது. அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்தத் தீர்ப்பின் மறுபாதியைப் படிக்கவில்லை. அந்த அதிகாரத்தின் எல்லை எது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்பே, 1980-ல் மாரு ராம் வழக்கில், இந்த அதிகாரம் மனம்போன போக்கில் செலுத்தப்படக் கூடாது என்று சொல்லப்பட்டுவிட்டது.

2006-ல் எபூரு சுதாகர் வழக்கில் அந்த எல்லைக்கோடு தெளிவாக வரையப்பட்டது. ஆந்திரத்தில் கொலை வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்ற ஒருவருக்கு ஆளுநர் மீதித் தண்டனையைக் கழித்து விட்டார். கொலையுண்டவரின் மகன் உச்ச நீதிமன்றம் போனார். கோப்பை வரவழைத்துப் பார்த்தால், அந்தக் கைதி ஒரு நல்ல காங்கிரஸ் தொண்டர் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. மனம் செலுத்தாமல் பிறப்பித்த ஆணை, தீய நோக்கத்தோடு பிறப்பித்த ஆணை, தொடர்பில்லாத விஷயங்களை வைத்துப் பிறப்பித்த ஆணை, தொடர்புள்ள விஷயங்களை மறைத்துப் பெற்ற ஆணை, தான்தோன்றித்தனமான ஆணை ஆகியவை நிற்காது என்று சொன்னது. காரணத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணமே இருக்க வேண்டாம் என்று பொருளில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். நீதிமன்றம் உங்கள் நாற்காலியில் வந்து உட்காரவில்லை. இவரை விடு, அவரை விடாதே என்று சொல்லவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள், எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று மட்டுமே கேட்கிறது. சிறைவாசிக்குக் கிடைக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கான விடை ஆணையில் இல்லை என்றால், உங்கள் முடிவு தவறு என்று அவரால் காட்டவே முடியாது. காரணம் இல்லை என்று மட்டுமே காட்ட முடியும். உயர் நீதிமன்றமும் வேறு வழியின்றி, மறுபடி பரிசீலியுங்கள் என்று உங்களிடமே திருப்பி அனுப்புகிறது.

இவர் வழக்கில் அதுதான் நடந்தது. முதல் மறுப்பு ஆணையை உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்து, எட்டு வாரத்துக்குள் காரணத்தோடு புதிய ஆணை பிறப்பிக்கச் சொன்னது. அக்கா அந்தத் தீர்ப்பின் நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தார். எட்டு வாரம் எட்டு மாதமானது. அதன் பிறகு வந்ததுதான் நான் மேலே சொன்ன, ஒரு வரி கூடுதலான இரண்டாவது ஆணை. மறுபடி வழக்குப் போட அந்தக் குடும்பத்திடம் பணம் இல்லை. காத்திருந்து மூன்றாவது மனுவைக் கொடுத்தார்கள்.

இப்போது மூன்றாவது ஆணையின் "பார்வை" பகுதிக்கு வருகிறேன். நான்கு தாள்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன: சிறைக் கண்காணிப்பாளர் கடிதம், நன்னடத்தை அலுவலர் அறிக்கை, காவல் கண்காணிப்பாளர் அறிக்கை, அமர்வு நீதிபதியின் கருத்து. இவற்றில் என்ன இருக்கிறது என்று ஆணையில் ஒரு சொல்கூட இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. நான் படித்தேன்.

கண்காணிப்பாளர் எழுதியிருப்பது: 19 ஆண்டுகளில் சிறைக் குற்றம் ஒன்றும் இல்லை, தையல் பகுதியில் வேலை, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சிறையிலிருந்தே தேறியிருக்கிறார், 11 முறை விடுப்பில் ஊருக்குப் போய், 11 முறையும் குறித்த நாளில் மாலைக்குள் திரும்பியிருக்கிறார். விடுதலை செய்யலாம் என்று பரிந்துரை. எனக்குப் பின் வந்த நன்னடத்தை அலுவலரும் விசாரித்து, அக்கா வீட்டில் தங்க இடம் இருக்கிறது, தையல் வேலை தர ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று குறிப்பிட்டுப் பரிந்துரைத்திருக்கிறார்.

காவல்துறை அறிக்கை இரண்டே வாக்கியம். இறந்தவரின் குடும்பத்தார் அதே தெருவில் வசிப்பதால், இவரை விடுவித்தால் அமைதிக்குப் பங்கம் ஏற்படும். ஆகவே பரிந்துரைக்க இயலாது.

ஐயா, அந்தத் தெருவில் அந்தக் குடும்பம் இல்லை. நான் முதல் விசாரணைக்குப் போனபோதே அந்த வீடு பூட்டிக் கிடந்தது. திண்ணையில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் நிலத்தை விற்றுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்றார். விலாசம் வாங்கிக்கொண்டு அங்கேயும் போனேன். போக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆனால் கொலையுண்டவரின் வீட்டாரைப் பார்க்காமல் அறிக்கை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

இறந்தவரின் அண்ணன் என்னை உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார். முதலில் கோபப்பட்டார். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "அவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். எங்கள் பக்கம் வரக் கூடாது. என் அம்மா கண்ணில் அவன் படக் கூடாது. கையெழுத்தெல்லாம் கேட்காதீர்கள்" என்றார். அப்படியே எழுதினேன், அவர் சொன்ன அதே சொற்களில். என் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அது இருக்கிறது.

முதல் மனுவின் கோப்பில் காவல்துறை எழுதிய அதே இரண்டு வாக்கியங்கள்தான் மூன்றாவது மனுவின் கோப்பிலும் இருக்கின்றன. "வசிப்பதால்" என்பதில் இருந்த எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படவில்லை. நான்கு ஆண்டுகளில் ஒருவரும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரே கோப்பில் ஒரு தாள் குடும்பம் அங்கே இருக்கிறது என்கிறது, இன்னொரு தாள் போய்விட்டது என்கிறது. இந்த முரண்பாட்டைக் கவனித்த எவரும், எது உண்மை என்று ஒரு வரி கேட்டிருப்பார். கேட்கவில்லை. மனம் செலுத்தாமை என்று நீதிமன்றம் சொல்வது இதைத்தான்.

குடும்பம் அங்கேயே இருந்தாலும்கூட, அதற்கு மருந்து நிராகரிப்பா? நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது. இன்ன ஊராட்சி எல்லைக்குள் நுழையக் கூடாது, இன்ன குடும்பத்தாரை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ளக் கூடாது, இத்தனை மாதம் இன்ன காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று எழுதலாம். அந்த அண்ணன் கேட்டது சரியாக அதைத்தானே? நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. 2024 அக்டோபரில் குஜராத் கைதி ஒருவரின் வழக்கில், விடுதலையான பின் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த அரசு போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. எது கண்ணியம் என்று யார் சொல்வது, அதைக் காரணம் காட்டி எவரையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உள்ளே தள்ளலாமே என்பதுதான் நீதிமன்றத்தின் கவலை.

இனி நான்காவது தாள், அமர்வு நீதிபதியின் கருத்து. மூன்று வரி. வழக்கு விவரம் ஒரு வரி, தண்டனை விவரம் ஒரு வரி, "குற்றம் கொடூரமானது, பரிந்துரைக்கத் தக்கதல்ல" என்று ஒரு வரி. தண்டனை விதித்த நீதிபதி ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிறது. இப்போது அந்த நீதிமன்றத்தில் இருப்பவர் எழுதியது. சிறை நடத்தை பற்றியோ விடுப்புகள் பற்றியோ ஒன்றும் இல்லை. அவருக்கு அந்த விவரங்கள் அனுப்பப்பட்டனவா என்றே சந்தேகம். கருத்துக் கேட்டுப் போன கடிதத்தின் இணைப்பில் தீர்ப்பு நகல் மட்டும்தான் காணப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய 432-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இப்போது 473, நீதிபதி தம் கருத்தைக் காரணங்களோடு தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2022-ல் ராம் சந்தர் எதிர் சத்தீஸ்கர் வழக்கில் இதே நிலைமைதான் வந்தது. 16 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்த ஒரு கைதியைப் பற்றி துர்க் சிறப்பு நீதிபதி போதிய காரணமின்றி, விடுவிக்கத் தக்கதல்ல என்று எழுதியிருந்தார். அரசு அதை அப்படியே வாங்கி மனுவைத் தள்ளியது. இயந்திரத்தனமாக எழுதிய கருத்து சட்டம் கேட்கும் கருத்தாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, ஒரு மாதத்துக்குள் காரணங்களோடு புதிதாகக் கருத்துத் தர வேண்டும், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

எந்தக் காரணங்கள்? அதற்கும் அளவுகோல் இருக்கிறது. 2000-ல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் ஐந்து கேள்விகள் வகுக்கப்பட்டன. குற்றம் சமூகத்தைப் பொதுவாகப் பாதிக்காத தனிப்பட்ட செயலா? மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் ஆற்றலை அந்த மனிதர் இழந்துவிட்டாரா? இனியும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? இந்த ஐந்தில் நான்கு, இன்றைய மனிதரைப் பற்றிய கேள்விகள். உங்கள் ஆணை சொல்லும் "குற்றத்தின் தன்மை" 19 ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலையைப் பற்றியது. அந்த மாலை இனி ஒருபோதும் மாறாது. அது ஒன்றே மறுப்புக்குக் காரணமானால், அடுத்த மனுவிலும் அதற்கடுத்த மனுவிலும் அதே பதில்தான் வரும். பரிசீலனை என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. 2023 செப்டம்பரில், 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரைக் கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, என்றோ செய்த குற்றத்தின் பெயரால் மனிதர்களை ஒரே அச்சில் அடைத்துவிட்டால், அவர்கள் திருந்தியிருப்பது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும் என்று எச்சரித்தது.

தாராளமாக எல்லோரையும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் வேண்டாம் என்று எழுதிய அறிக்கைகளும் உண்டு, அவற்றுக்காக நான் வருந்தவில்லை. பில்கிஸ் பானு வழக்கை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டது மும்பையில். அங்குள்ள நீதிபதியின் எதிர்ப்பும் சிபிஐயின் எதிர்ப்பும் ஒதுக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் வந்தார். தண்டனை விதிக்கப்பட்ட மாநிலத்தின் அரசுக்குத்தான் அந்த அதிகாரம், குஜராத் அரசு தனக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டது என்று கூறி, 2024 ஜனவரி 8 அன்று விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இரண்டு வாரத்தில் சரணடையச் சொன்னது. விடுவிக்கும் ஆணையை எதை வைத்து நீதிமன்றம் சோதித்ததோ, மறுக்கும் ஆணையையும் அதை வைத்துத்தான் சோதிக்கும். காரணம் எழுதும் பழக்கம் இருந்தால், தகாதவரை விடுவிக்கச் சொல்லி மேலிருந்து ஒரு குரல் வரும்போதும் உங்கள் அலுவலர்களால் அதைத் தாளைக் காட்டி மறுக்க முடியும்.

தாமதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேரறிவாளன் வழக்கில் தமிழ்நாட்டு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், முடிவெடுக்காமல் இருப்பதும் நீதிமன்றச் சீராய்வுக்கு அப்பாற்பட்டதல்ல என்று சொல்லி, 2022 மே 18 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் உறுப்பைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே விடுவித்தது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்காது. 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரம். தையல் பகுதியில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் டெல்லி வரை போக முடியாது. அவருக்கு நீங்கள்தான் கடைசிப் படி.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஓர் உத்தரவு பிறப்பித்திருக்கிறது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி வந்ததும் சிறைவாசி மனுக் கொடுக்காமலேயே அரசு தானாகப் பரிசீலிக்க வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் ஆணையில் சுருக்கமாகவேனும் காரணம் இருக்க வேண்டும். ஆணை சிறை வழியாக உடனே சிறைவாசிக்குப் போய்ச்சேர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கும் நகல் போக வேண்டும். மறுப்பை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம் என்பதைச் சிறை அதிகாரிகளே அவருக்குச் சொல்ல வேண்டும். காரணம் எழுத வேண்டாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி இடமே இல்லை.

என் கையில் இருக்கும் மூன்றாவது ஆணை அந்த உத்தரவுக்குப் பல மாதங்கள் பிந்தையது. அது சிறைவாசிக்குக் கொடுக்கப்பட்டது ஆறு வாரம் கழித்து. ஆணைக்குழுவுக்கு நகல் போகவில்லை. அக்கா அங்கே போய் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். வழக்குப் போடலாம் என்று சிறைவாசிக்கு எவரும் சொல்லவில்லை. சிறையில் அவரைப் பார்க்கப் போன அக்காவிடம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் என்ன தப்பாக நடந்துகொண்டேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேனே, அக்கா?" 11 முறை விடுப்பில் போய் நேரத்துக்குத் திரும்பியவர், அதில் எந்த முறையாவது குற்றம் கண்டுவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கேட்கிறேன்.

இந்தக் கோப்பை மறுபடி திறங்கள். 2025 பிப்ரவரி 18-க்குப் பிறகு இதே ஒற்றை வாக்கியத்தால் நிராகரிக்கப்பட்ட எல்லாக் கோப்புகளையும், யாரும் வழக்குப் போடும்வரை காத்திராமல், நீங்களாகவே திறந்து புதிய ஆணை பிறப்பியுங்கள். அந்த வாக்கியம் உங்கள் அலுவலகக் கணினியில் ஒரு மாதிரிப் படிவமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஐந்து கேள்விகளுக்கும் தனித்தனியே கண்டறிந்ததை எழுதும் இடம் உள்ள படிவத்தை வையுங்கள். பரிந்துரைக்கும் தாள்களை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பத்தி எழுத வேண்டும் என்று விதியுங்கள்.

காவல்துறை அறிக்கையில், யாரை, எந்த நாளில், எங்கே விசாரித்தார்கள் என்பது இல்லையானால் அதை வாங்காதீர்கள். முந்தைய மனுவின் அறிக்கையைத் திரும்ப அனுப்பினால் திருப்பி விடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தை நேரில் கேட்காமல் அவர்கள் பெயரைச் சொல்லி மறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நீதிபதிக்குக் கருத்துக் கேட்டு எழுதும்போது தீர்ப்பு நகலோடு சிறைப் பதிவுகளையும் நன்னடத்தை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். காரணமில்லாத கருத்து வந்தால், ராம் சந்தர் தீர்ப்பைக் குறிப்பிட்டு மரியாதையோடு மறுபடி கேளுங்கள். நிபந்தனை விதித்து விடுவிக்க முடியுமா என்று பார்த்ததையும், முடியாது என்றால் ஏன் என்பதையும் ஒவ்வொரு மறுப்பு ஆணையிலும் பதிவு செய்யுங்கள். அடுத்து எப்போது பரிசீலிக்கப்படும் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

இந்த ஒரு கோப்பைப் பொறுத்தவரை, எட்டு வாரம் என்று உயர் நீதிமன்றம் ஒருமுறை விதித்த கெடுவையே இப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எதுவானாலும், காரணத்தோடு கூடிய ஆணையைத் தமிழில் அவர் கையில் கொடுத்து, படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நகலை அக்காவுக்கும் அனுப்புங்கள். அவருடைய விலாசம் என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவர் வீடு மாறவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்